மடைக்கல் மீன்

எங்கள் காட்டை எரித்துக்கொண்டுதான் நாங்கள் அந்த வருஷம் ஆடித்தபசு பார்க்கப் போனோம். யுத்த காலம். பெட்ரோலுக்குப் பெரும் தட்டுப்பாடு. சங்கரன்கோவில் போகிற பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைக் கட்டி, அதற்குள் கரியைப் போட்டு எரித்து, அதில் வரும் வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். புறப்படுவதற்கு முன் கிளீனர் பின்னால் நின்று ஒரு கைச்சக்கரத்தைச் சுற்றோ சுற்றென்று சுற்றுவார். அவர் முகமும் கரி, சட்டையும் கரி. அப்பா என்னைத் தூக்கி அந்த உருளையைக் காட்டினார்.

"அதுல எரியுதது நம்ம உடைமரம்ட்டி."

பஸ்ஸே எங்களுடையதாகிவிட்டது போல எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வழியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா தொடையில் கிள்ளிய பிறகுதான் வாயை மூடினேன்.

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு பொத்தை உண்டு. பொத்தை என்றால் மலை என்று சொல்லவும் முடியாது, மேடு என்று தள்ளவும் முடியாது. அதன் அடிவாரம் முழுக்க உடங்காடு, முள் உடைமரங்கள் அடர்ந்தது. இடையிடையே இலந்தையும் விடத்தலையும் பின்னிக் கிடக்கும். ஆட்டுக்காரர்களையும் முயல்களையும் தவிர யாருக்கும் அங்கே வேலை கிடையாது. யுத்தத்தில் நெல்லுக்கும் கம்புக்கும் பஞ்சம் வந்தபோது, தரிசைத் திருத்தி வெள்ளாமை வைப்பவர்களுக்கு இடம் விடுவதாகச் சர்க்கார் சொன்னது. முதல் ஆளாக மனு எழுதிக் கொடுத்தவர் அப்பா.

மரத்தை வெட்டுவது சுலபம். வேரைத் தோண்டி எடுப்பதில்தான் இடுப்பு ஒடியும். வெட்டிய கட்டைகளைக் குவித்து, மேலே பச்சைத் தழை பரப்பி, ஈரமண்ணைப் பூசி, அடியில் தீ வைப்பார்கள். அதற்குக் கரிமூட்டம் என்று பெயர். வெள்ளைப் புகை வந்தால் கட்டையில் இன்னும் ஈரம் இருக்கிறது. புகை மெலிந்து நீலமானால் கரியாகிவிட்டது, துளைகளை அடைத்துவிட வேண்டும். இதையெல்லாம் எட்டு வயதில் நான் கரைத்துக் குடித்திருந்தேன்.

முதல் வருஷம் அப்படித் திருத்திய புஞ்சையில் போட்ட கம்பு, கதிரைத் தூக்க முடியாமல் சாய்ந்தது. அத்தனை காலம் விழுந்து மக்கிய இலையெல்லாம் அதற்கு உரம். சும்மா இருப்பார்களா ஊரில்? ஆளுக்கொரு கோடாலியோடு புறப்பட்டார்கள். மூன்று வருஷத்தில் பொத்தை, மொட்டை போட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்பா மேட்டிலிருந்து ஓடையை நோக்கி நேராகச் சால் ஓட்டுவார். மாடு திரும்ப வசதி, தண்ணீரும் தேங்காது என்பார். ஊரில் எல்லோரும் அதைப் பார்த்து அப்படியே உழுதார்கள்.

அந்த ஓடை வந்து விழுவது எங்கள் ஊர்க் குளத்தில். முன்பெல்லாம் ஐப்பசியில் நாலைந்து மழை பெய்து, கார்த்திகை பாதி போனபிறகுதான் குளம் பெருகும். அதற்குப் பிறகும் தை மாதம் வரை ஓடையில் நூலாய்க் கசிவு வந்துகொண்டே இருக்கும். காடு போன பிறகு எல்லாம் அவசரமாகிவிட்டது. ஒரே மழையில் ஓடை கரை புரண்டு வந்து, ஒரு பகலில் குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. மிச்சத் தண்ணீர் அடுத்த ஊருக்கு ஓடியது. ஊர் முழுக்கக் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. காடு தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது, காடு தொலைந்ததும் குளத்துக்கு வந்துவிட்டது என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் 'நம் ஊர் மாறிய விதம்' என்று எழுதச் சொன்னபோது நானும் அதைத்தான் எழுதினேன். 'முன்பு காடு இருந்தது. எங்கள் அப்பா காட்டைத் திருத்தினார். இப்போது கம்பு விளைகிறது. குளம் சீக்கிரம் பெருகுகிறது.' வாத்தியார் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். அப்பா அந்த நோட்டை அடுத்த வீட்டுக்காரர் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

இனி மீன்.

குளத்தின் மடை என்பது கரைக்கு அடியில் தண்ணீரை வயலுக்கு விடுகிற வழி. அதன் முன்னால் குளத்துக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். தூண்களுக்கு நடுவே ஏணிப்படி போல ஐந்து குறுக்குக் கற்கள். எந்தக் காலத்திலோ யாரோ வகுத்துவைத்த கணக்கு ஒன்று உண்டு. குளம் பெருகியதும் ஊர் கரையில் கூடும். ஐந்து கல்லும் முங்கினால் கடைமடை வயல் வரைக்கும் நடலாம். மூன்று கல் முங்கினால் பாதி வயல்தான். இதில் பெரிய வீடு சின்ன வீடு கிடையாது. கல் சொன்னால் சொன்னதுதான்.

அடிக்கல்லுக்கும் கீழே, தூணின் அடியில், ஒரு முழ நீளத்துக்கு மீன் ஒன்று படுத்தவாக்கில் செதுக்கியிருந்தது. கோடையில் குளம் வற்றினால் மட்டுமே அது கண்ணில் படும். நாங்கள் பெண்பிள்ளைகள் போய் அதன் மூக்கில் எங்கள் மூக்கை உரசிவிட்டு வருவோம். அப்படிச் செய்தால் பல் வரிசையாக முளைக்கும் என்று நம்பிக்கை. காடு வெட்டத் தொடங்கிய அடுத்த கோடையில் மீனின் வயிறு வரை மண் ஏறியிருந்தது. மறு கோடையில் கண் மட்டும் தெரிந்தது. அதற்கடுத்த சித்திரையில் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். மீன் இல்லை. குளத்து மண் எப்போதும் கறுப்பாக வழுவழுவென்று இருக்கும். அங்கே செக்கச்செவேலென்று குறுமண் கிடந்தது. முந்தின வருஷம் மூக்கு மண்ணுக்குள் போயிருந்ததால், அதன் கண்ணில் எச்சில் பட உரசிவிட்டு வந்திருந்தேன். அதனால்தான் மீன் கோபித்துக்கொண்டு போய்விட்டது என்று எனக்குப் பட்டது. பயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த வருஷம்தான் மாமாவுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. அம்மாவின் தம்பி. கைவசம் இருந்ததெல்லாம் கடைமடையில் ஒரு வயல். பெண் வீடு இளையரசனேந்தல் பக்கம். அவர்கள் வானம் பார்த்த பூமிக்காரர்கள். எத்தனையோ மழையிடம் ஏமாந்தவர்கள், மனிதர்களை மட்டும் எப்படி நம்புவார்கள்? பெண்ணின் அப்பா வந்தார், வயலைப் பார்த்தார், சாப்பிட்டார்.

"நெல்லு களத்துக்கு வரட்டும். பொறவு தட்டு மாத்திக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா அந்தப் பெண்ணை ஆடித்தபசுக் கூட்டத்தில் ஒரு தடவை பார்த்திருந்தார். அந்த ஒரு தடவையைப் பற்றி அம்மாவிடம் ஒன்பது தடவை சொன்னார்.

ஐப்பசி கடைசியில் ஒரே மழை. ஐந்து கல்லும் முங்கின. ஊர் கூடியது. வயலில் பாதியை மட்டும் நடலாமா என்று மாமா கொஞ்சம் இழுத்தார். கசிவு முன்னைப் போல இல்லையே என்றார்.

"அஞ்சு கல்லும் முங்கிட்டு, இன்னும் என்ன மாப்ளே ரோசனை? முழுசா நடும்" என்றார் அப்பா.

மாமா விதைநெல் முழுவதையும் நாற்றுப் பாவி, வயல் முழுக்க நட்டார். நான் கூட்டத்தின் ஓரத்தில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மீன் போன விஷயம் தொண்டைவரை வந்தது. திட்டு விழும் என்று விழுங்கிவிட்டேன்.

தை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருக்கும். கதிர் பால் பிடிக்கிற நேரம். இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்தால் போதும். மடையில் தண்ணீர் நின்றுவிட்டது. மடைக்காரர் உள்ளே இறங்கித் துளையைத் துழாவிப் பார்த்துவிட்டு, குளமே காலி என்றார். கல்லுக் கணக்குப்படி மாசிவரை வரவேண்டிய தண்ணீர். மேல்மடை வயல்கள் தப்பித்தன. கடைமடையில் வெடிப்பு விட்டது.

மாமாவும் அப்பாவும் குளத்துக்குள் குழி தோண்டினார்கள். ஊறுகிற தண்ணீரை, ஆளுக்கொரு பக்கம் நின்று இறைகூடையால் மடைவாய்க்குள் இறைத்தார்கள். வெயில் ஏற ஏறக் கூடையில் தண்ணீரைவிடச் சேறுதான் அதிகம் வந்தது. கஞ்சிக் கலயத்தோடு போன நான் அதைப் பார்த்ததும், அடக்கிவைத்திருந்ததை எல்லாம் அழுது கொட்டிவிட்டேன். நான்தான் காரணம், நான் எச்சில் பண்ணியதால் மீன் போய்விட்டது என்றேன்.

மாமா கூடையைக் கீழே வைத்தார். "எப்பட்டி போச்சு?"

"போன சித்திரையில. அங்கன செவப்பு மண்ணுதான் கெடந்துச்சு."

மாமா தூணடிக்குப் போய் மண்வெட்டியால் கொத்தினார். முழங்கால் ஆழத்துக்குச் சிவப்பு. அதற்கும் கீழேதான் பழைய கறுப்பு. ஒரு கை மண்ணை அள்ளி அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை உள்ளங்கையில் பரப்பி விரலால் தேய்த்துப் பார்த்தார். இரண்டு கரித்துண்டுகள் கிடந்தன, பயறு அளவில். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. மண் தெரியும்.

"எம் புஞ்சை மண்ணுல்லா இது. தண்ணி நிக்கிற எடத்த அடச்சிட்டு" என்றார்.

பிறகு இருவரும் இறைத்தார்கள். பொழுது சாயும் வரை மாமா கூடையை வெடுக்கென்று வீசி வீசி இறைத்தார். என் பேச்சைக் கேட்டதால் மாமாவுக்கு மீன்மேல் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வயலில் பெரும்பகுதி பதராகப் போயிற்று. பெண்ணின் அப்பா களத்துக்கு வந்து, ஒரு பிடி நெல்லை அள்ளி ஊதிப் பார்த்தார். கையில் மிஞ்சியது கொஞ்சம். அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. பங்குனியில் அந்தப் பெண் கழுகுமலைப் பக்கம் வாக்கப்பட்டுப் போனாள். மாமா அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அம்மா பரிமாறிக்கொண்டே அழுதாள். அப்பா முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர் உள்ளே வரவேயில்லை.

அந்தச் சித்திரையில் அப்பா மாட்டுவண்டியைக் குளத்துக்குள் இறக்கினார். கறுப்பு வண்டலை எல்லோரும் உரத்துக்கு அள்ளுவது வழக்கம். அப்பா அள்ளியது சத்தில்லாத சிவப்பு மண். அதைக் கொண்டுபோய்ப் புஞ்சையில் கொட்டினார். ஊரே சிரித்தது. மாமா மட்டும் மண்வெட்டியோடு வந்து, ஒன்றும் கேட்காமல் வண்டியில் மண் ஏற்றினார். இரண்டு வாரத்தில் மீனின் கண் வெளியே வந்தது. நான் ஓடிப்போய் மூக்கை உரசப் பார்த்தேன். மூக்குக்கு இன்னும் தோண்டவேண்டியிருந்தது.

"மீனு வந்துட்டு மாமா. இனி ஒங்களுக்குக் கல்யாணந்தான?"

மாமா சிரித்தார். என் தலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். அவருக்குக் கல்யாணம் ஆனது இன்னும் ஏழு வருஷம் கழித்து.

அந்த ஆடியில் அப்பா புஞ்சையைச் சரிவுக்குக் குறுக்கே சால் ஓட்டி உழுதார். மேட்டில், பொத்தையை ஒட்டிய பாதி நிலத்தை உழவேயில்லை. ஆட்டுக்காரர்களைக் கூப்பிட்டு ராத்திரியில் ஆடுகளை மடக்கி அங்கே கிடை போடச் சொன்னார். ஆட்டுப் பிழுக்கையோடு விழுந்த உடைவிதை மழைக்கு முளைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு நாள் என் காலில் உடைமுள் ஏறியது. அப்பா முள்ளை எடுத்தார். செடியைப் பிடுங்கச் சொன்னேன்.

"கெடக்கட்டும், ஒன்ன ஒண்ணும் பண்ணாது" என்றார். சொல்லிவிட்டு, செடியைச் சுற்றி மண் அணைத்தார்.

எனக்கு அவமானமாக இருந்தது. ஊரிலேயே முதல் ஆளாகக் காட்டைத் திருத்தியவர், இப்போது சோம்பேறியாகி நிலத்தை முள்ளுக்கு விட்டுவிட்டாரே என்று. அடுத்த முறை வாத்தியார் எழுதச் சொன்னபோது அந்த மேட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் மறைத்துவிட்டேன். அப்பா நோட்டை வாங்கி, எப்போதும் போல் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.