இரண்டு வாரம் போதும் சார்

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வாடகை வீட்டுக்குக் கீழே ஒரு சைபர் கஃபே இருந்தது. தொண்ணூறுகளின் கடைசி. என்னுடன் அறையில் தங்கியிருந்த கிள்ளான் ஊர்ப் பெண், முதுகலை ஆய்வேட்டுக்குக் காலநீட்டிப்புக் கேட்டு மேற்பார்வையாளருக்கு எழுதிய மின்னஞ்சலை அனுப்புமுன் என்னிடம் காட்டினாள். நான் தனியார் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவள். இலக்கணம் பார்க்கத்தான் கூப்பிட்டாள்.

முதல் வரியிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம், மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்களாம்.

"உங்கப்பா காலையிலதான் போன்ல கத்துனாரு. லோரி டயர் வெடிச்சிருச்சுன்னு. எந்த ஆஸ்பத்திரிலம்மா படுத்துக்கிட்டு கத்துனாரு?"

"சும்மா போட்டேன்லா அக்கா. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"உங்க சாரும் கிள்ளான்காரரு. ஞாயித்துக்கிழமை ஹார்லிக்ஸ் பாட்டிலோட உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாரு. அப்பாவ எங்கே படுக்க வைப்பே?"

அந்த ஹார்லிக்ஸ் வேலை செய்தது. நம் ஆட்களிடம் நோயைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும். அந்த வரியை அழித்தாள்.

உண்மைக் காரணம் சாதாரணமானது. ரப்பர் தோட்டங்களை விட்டு நகர ஓரத்துச் சாலாக் செலாத்தானில் குடியேறிய குடும்பங்களைப் பேட்டி எடுத்து ஒலிநாடாவில் பதிவு செய்திருந்தாள். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுதி ஆங்கிலத்தில் பெயர்க்க ஒரு முழு நாள் போதவில்லை. பாதிக்கு மேல் நாடாக்கள் தொடப்படாமலே கிடந்தன. இதை எழுதினால் போதும், யாரும் தூக்கில் போட மாட்டார்கள். சிக்கல் வேறு. ஒவ்வொரு சந்திப்பிலும் "ஆச்சு சார், கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு" என்று சொல்லி வைத்திருந்தாள். பெரியவர்கள் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது என்று எங்களை எல்லாம் வளர்த்த லட்சணம் அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, இப்போது இலையைத் தூக்கிக் காட்டு என்றால் அழுகிறாள்.

அழுதுகொண்டே எழுதினாள். எத்தனை நாடா முடிந்தது, எத்தனை மீதி, முடிந்ததாக முன்பு சொன்னது தவறு என்று. நன்றாகவே எழுதினாள். அடுத்து புதிய திட்டம். நான் கேட்கக் கேட்க அவள் கணக்குப் போட்டாள். நாடாக்களுக்கு ஒன்றரை மாதம், நடுவே அடுத்த வாரம் வரும் தீபாவளிக்கு விடுமுறை, பிறகு இரண்டு அத்தியாயம், சார் படித்துத் திருத்த நாள். ஆக மூன்று மாதம். அந்தக் காலம் கிடைக்காவிட்டால் ஆய்வுப் பதிவே காலாவதியாகிவிடும். சுபாங் ஜெயா கல்லூரி ஒன்றில் பட்டம் வந்ததும் தருவதாகச் சொன்ன வேலையும் போய்விடும். அவள் வீட்டில் அந்த வேலையை நம்பித் தம்பியைப் படிக்க அனுப்பியிருந்தார்கள்.

எனக்கு வகுப்பு இருந்தது. "இதையே அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மறுநாள் மாலை படியேறி ஓடி வந்தாள். "அக்கா! சார் உடனே குடுத்துட்டாரு!"

"மூணு மாசமா?"

"ரெண்டு வாரம். மூணு மாசம்லாம் எப்படிக்கா கேக்குறது? ரொம்ப அதிகமா தெரிஞ்சுச்சு. திட்டத்தையும் சுருக்கிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை எங்கே வைத்தேன் என்றே நினைவில்லை. விருந்து வீட்டில் பசியோடு உட்கார்ந்து "போதும் போதும்" என்று இலையை மறைக்கிற வழக்கத்தைப் பல்கலைக்கழகம் வரை கொண்டு போயிருக்கிறாள்! தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? தீபாவளியன்று விடியற்காலையிலும் நாடா கேட்பதாகத் திட்டத்தில் போட்டிருந்தாளாம். எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்பாளோ என்னவோ.

பதிலை நானே படிக்க வேண்டும் என்று கீழே இழுத்துப் போனேன். முதல் வரியை மட்டும் படித்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள். மீதி இப்படி இருந்தது: 'உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இரண்டு வாரம் நானே தரலாம். அதற்கு மேல் என்றால் படிவத்தில் நான் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் ஃபேக்கல்டிக்கு அனுப்ப வேண்டும். பிறகு கேட்டாலும் கிடைக்காது. மீதி நாடாக்கள் இரண்டு வாரத்தில் முடியாது என்று நினைக்கிறேன். உண்மையில் எவ்வளவு காலம் வேண்டும்?'

அவள் நாற்காலியில் உட்கார்ந்து மீதியையும் முழுக்கப் படித்தாள். நான் வாயைத் திறந்தால் திட்டிவிடுவேன் என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கடைசியில் நேற்று போட்ட பழைய திட்டத்தை ஒட்டி, மேலே ஒரே வரி அடித்தாள்: மூன்று மாதம் வேண்டும், சார். என்னைக் கேட்காமலே அனுப்பினாள்.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எழுந்து நின்றேன்.

அவள் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ரொம்ப அதிகமா கேட்டுட்டேனாக்கா?"