கையெழுத்து உண்மைதான்

செங்கம் சாலையில் நான் பார்மசிஸ்ட்டாக வேலை பார்க்கும் மருந்துக்கடையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் "சிபிஐ" என்கிறார்கள். எனக்கு அதில் உள்ளூர ஒரு பெருமைதான்.

மருந்துச் சீட்டு என்றால் எனக்குச் சின்ன வயசுக்காரி மாதிரி ஆர்வம் வந்துவிடும். காகிதச் சீட்டுக் காலத்தில் டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படிப்பதிலேயே பொழுது போய்விடும். இப்போது டாக்டரை வீடியோவில் பார்த்து, சீட்டை போனில் வாங்கி, அப்படியே கடைக்கு அனுப்புகிறார்கள். எழுத்து அச்சடித்தது போல இருக்கும். ஆனால் அச்சடித்த எழுத்தை யார் வேண்டுமானாலும் அடிக்கலாமே என்ற சந்தேகம் எனக்கு முதல் நாளே வந்தது. அதிலிருந்து இந்த விஷயத்தை நோண்டிக்கொண்டே இருக்கிறேன்.

ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒருவர் ஒருமுறை தூக்க மாத்திரைக்கு ஒரு சீட்டை போனில் நீட்டினார். வீடியோவில் பார்த்து டாக்டர் கொடுத்தது என்றார். அந்த வகை மாத்திரையை வீடியோவில் பார்த்து எழுதவே கூடாது, அதனால் அங்கேயே கதை முடிந்துவிட்டது. இருந்தாலும் எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஒரிஜினல் பிடிஎஃப்பை வாங்கிக் கணினியில் திறந்தேன். கையெழுத்துப் போட்ட பிறகு இந்தக் கோப்பு மாற்றப்பட்டிருக்கிறது என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. யாரோ எழுதிய பழைய சீட்டில் மருந்தின் பெயரைக் கைவைத்து மாற்றியிருக்கிறார். டிஜிட்டல் கையெழுத்து என்பது மையில் போட்ட கிறுக்கல் இல்லை, முழுச் சீட்டுக்கும் போட்ட பூட்டு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒரு புள்ளியை மாற்றினாலும் பூட்டு உடைந்துவிடும். அவர் போன பிறகும் அந்தச் சிவப்பு வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் கடையில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. சுற்றுக் கிராமங்களில் இருக்கும் வயதானவர்கள் கடைக்கு வர முடியாது. சீட்டு போனில் வரும், நான் சரிபார்த்துப் பொட்டலம் கட்டுவேன், முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டிய ஐம்பது வயது அண்ணன் ஒருவர் ஸ்கூட்டரில் கொண்டுபோவார். ஆனால் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது. அங்கிருந்து வீடியோவில் என்னைக் கூப்பிட வேண்டும். நோயாளியே தன் பெயரையும் வயதையும் சொல்ல வேண்டும். எது காலையில், எது இரவில், வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று நான் பேசி முடித்த பிறகுதான் பொட்டலம் கைமாறும். இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். பொழுதை வீணாக்கும் சட்டம் என்று அலுத்துக்கொள்பவர் அண்ணன்.

ஒரு பௌர்ணமிக்கு முதல் நாள் அது. மறுநாள் கிரிவலப் பாதையில் ஸ்கூட்டர் நுழைய முடியாது என்பதால் பொட்டலங்களை அவசரமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து ஒருவர் ரத்த அழுத்த மாத்திரைக்கு ஒரு சீட்டை அனுப்பினார். அடி அண்ணாமலையில் இருக்கும் அவர் வீட்டுக்கு இன்றைக்கே போய்ச் சேர வேண்டும் என்று எழுதியிருந்தார். முதலில் வந்தது ஸ்கிரீன்ஷாட். படத்தில் பூட்டு இருக்காது, ஒரிஜினலை அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கினேன்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கையெழுத்துக்குப் பச்சை டிக் விழுந்தது. டாக்டரின் பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் அடித்தேன், அதே பெயர், அதே படிப்பு வந்தது. மூலையில் இருந்த க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து, அது எந்த இணைய முகவரியைத் திறக்கிறது என்று பார்த்தேன், ஏனென்றால் போலிச் சீட்டுக்காரன் தன் சொந்தப் பக்கத்துக்கே கட்டத்தைத் திருப்பிவிடலாம். அதுவும் சரி. கிளினிக்குக்கு போன் போட்டேன். சீட்டில் இருந்த எண்ணுக்கு இல்லை, தனியாகத் தேடி எடுத்த எண்ணுக்கு. சீட்டைப் போலியாக அடித்தவன் போன் நம்பரையும் தன்னுடையதாகத்தானே போட்டிருப்பான். ஆமாம், நேற்று எழுதியதுதான் என்றார்கள். தேதி, அளவு, எத்தனை நாள், எல்லாம் இருந்தது. ஆண், வயது முப்பத்தெட்டு. அட்டெனலால், முன்பு இருபத்தைந்து, இனி ஐம்பது மில்லிகிராம். பழைய நோயாளி, வீடியோவில் பார்த்து அளவைக் கூட்டியிருக்கிறார் டாக்டர். பௌர்ணமிக்கு லீவு போட்டு ஊருக்கு வருகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். சீட்டைப் பிரிண்ட் எடுத்து, கடை முத்திரையும் தேதியும் போட்டேன். இத்தனை சுத்தமான சீட்டைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறைதான்.

அரை மணி நேரத்தில் அண்ணனின் அழைப்பு வந்தது. திரையில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. பாதையோரத்துச் சின்னக் கடை, பின்னால் தண்ணீர் பாட்டில்களும் கற்பூரப் பாக்கெட்டுகளும் அடுக்கியிருந்தன. நாளைய கூட்டத்துக்குக் கடையை நிரப்பிக்கொண்டிருந்தார்.

உங்கள் மகன் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"அவன் மெட்ராஸ்ல இருக்கறான்மா. எனக்குத்தான் மாத்திரை. நாலு நாளா தீந்து போச்சு, தலை கிர்ருனு சுத்துது. நர்ஸம்மா பாத்துட்டு பிபி ஜாஸ்தியா இருக்குதுன்னாங்க. அதான் அவன்கிட்ட சொன்னேன்."

கையில் இருந்த பிரிண்டைப் பார்த்தேன். ஆண், முப்பத்தெட்டு. திரையைப் பார்த்தேன். அப்போதுதான் கற்பூரப் பாக்கெட்டுகளுக்கு நடுவில் ஒரு நீல இன்ஹேலர் கண்ணில் பட்டது. அது யாருடையது என்றேன். வீசிங்குக்கு, பனிக்காலத்தில் அடிக்கடி தேவைப்படும் என்றார் அந்த அம்மா.

அட்டெனலால் இதயத்தின் வேகத்தைக் குறைத்து அழுத்தத்தைக் குறைக்கும். வீசிங் இருப்பவர்களுக்கு அதுவே மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடும். நாளை அத்தனை கூட்டத்துக்கு நடுவில் இந்த அம்மா மூச்சுக்குத் திணறினால் ஆம்புலன்ஸ்கூட உள்ளே வர முடியாது. பொட்டலத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா, ஆனால் அங்கேயே இருங்கள் என்றேன். அவர் இந்த முறை அலுத்துக்கொள்ளவில்லை.

மகனுக்கு போன் செய்தேன். முதலில் கோபப்பட்டார்.

"அம்மா நாலு நாளா மாத்திரை இல்லாம இருக்காங்க மேடம். கையெழுத்து உண்மைதான?"

"உண்மைதாங்க. ஆனா அது உங்களுக்கு எழுதினது."

பிறகு சொன்னார். செயலியில் அவருடைய கணக்குத்தான் இருந்தது. அம்மாவுக்கு என்று சொன்னால் டாக்டர் அம்மாவைக் காட்டச் சொல்வார், அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் நர்ஸ் சொன்ன பிபி அளவை, அம்மா போனில் ஒப்பித்ததைத் தன்னுடைய பிபி என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார். அவருக்கும் பிபி இருக்கிறதே, மாத்திரை ஒன்றுதானே என்று நினைத்திருக்கிறார். ஒரே வீட்டில் ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது போல.

திட்டத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை. அம்மாவுக்குச் சீக்கிரம் மருந்து போய்ச் சேரட்டும் என்று தவித்தவரை என்ன சொல்லித் திட்டுவது? வீசிங்கைப் பற்றிச் சொன்னதும், இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். நான் சீட்டை நான்கு விதமாகச் சோதித்தேன், நான்கிலும் அது தேறியது. சீட்டு பொய் சொல்லவில்லை, அதற்குள் இருந்த ஆள்தான் வேறு. இந்த மாதிரி ஒரு ஓட்டை இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

கிளினிக்குக்கு மறுபடி போன் செய்து நடந்ததைச் சொன்னேன். டாக்டர் நல்லவர், கோபப்படாமல் உடனே நேரம் ஒதுக்கினார். முந்தைய சீட்டை ரத்து செய்தார். மகன் அம்மா பெயரில் புதிதாகப் பதிவு செய்தார். அண்ணன் தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, அந்த அம்மா கற்பூரப் பாக்கெட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து டாக்டரிடம் பேசினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வழக்கமாகத் தரும் மாத்திரையின் காலி அட்டையை எடுத்துக் காட்டினார். அது அம்லோடிபின், வீசிங்குக்கு இடைஞ்சல் இல்லாதது. டாக்டர் அதையே எழுதி, பௌர்ணமி முடிந்த கையோடு நேரில் போய் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நோயாளியின் சம்மதத்தைக் கேட்டுவிட்டு, சீட்டை நேராக எங்கள் கடைக்கே அனுப்பினார். அண்ணன் திரும்பி வந்து வேறு பொட்டலத்தோடு மறுபடி போனார். நான் மறுபடி பச்சை டிக்கைப் பார்த்தேன், பதிவு எண்ணைப் பார்த்தேன். இந்தத் தடவை பெண், வயது அறுபத்துமூன்று என்ற வரியை இரண்டு தரம் படித்தேன்.

மறுபடி வீடியோவில் வந்தபோது, முதலில் வந்த மாத்திரையை ஏன் திருப்பி எடுத்துக்கொண்டீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். அலுப்பில் யோசிக்காமல் பதில் சொன்னேன். அது உங்கள் மகன் சாப்பிடுகிற மாத்திரை, உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று.

அந்த அம்மா கையில் இருந்த அட்டையைக் கீழே வைத்தார்.

"அவனுக்கும் பிபி இருக்குதா?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒருத்தருடைய நோயை இன்னொருத்தரிடம் சொல்லக் கூடாது, பெற்ற தாயாக இருந்தாலும். எத்தனையோ சீட்டுகளைத் துருவிப் பார்த்தவள், இந்த ஒரு விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டேன். சாயங்காலமே மகனை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை மேடம், இரண்டு வருஷமாக எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன், இனிமேல் அம்மா தினமும் போன் செய்து உயிரை எடுப்பார் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு மட்டும் இன்றுவரை உறுத்தல் போகவில்லை.

அடுத்த மாதம் அந்த அம்மாவின் சீட்டு அவர் பெயரிலேயே வந்தது. வீடியோவில் பெயரையும் வயதையும் நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். சீட்டை எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று கேட்டார். பூட்டையும் பச்சை டிக்கையும் பதிவு எண்ணையும் எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவ்ளோ தூரத்துல டாக்டர் போட்ட கையெழுத்தையே கண்டுபிடிச்சிடறீங்க. அவன் இன்னிக்கு மாத்திரைய போட்டானா இல்லியானு பாக்கறதுக்கு அதுல எதுனா வழி இருக்குதாம்மா?"

இல்லைம்மா என்றேன்.