பின்வாசலில் காட்டிய முகம்

அரசு மருத்துவமனைகளில் நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தச் சீட்டு எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்பதும் தெரியும், எந்த மேஜையைத் தாண்டிப் போய்விடலாம் என்பதும் தெரியும். ஓய்வுக்குப் பிறகு உபயோகப்படுவது இந்த இரண்டாவது ஞானம்தான்.

கோடை விடுமுறையில் அரக்கோணத்திலிருந்து என் மகள் ஏழு வயதுப் பேத்தியோடு திருத்தணியில் என் வீட்டுக்கு வந்து, மலையில் குழந்தைக்கு மொட்டை போட்டாள். கத்தி பட்டதில் சின்னக் கீறல்கள். வெயிலும் வியர்வையும் சேர்ந்துகொள்ள, குழந்தை சொறிந்துகொண்டே இருந்தாள். சில நாளில் உச்சந்தலையிலும் காதுக்குப் பின்னாலும் சிரங்கு வந்து, தேன் உறைந்தது போல மஞ்சள் பொருக்குக் கட்டியது. பக்கத்து வீட்டு மாமி கோயில் மடைப்பள்ளியில் சமைக்கும் குடும்பம்.

"முருகனுக்குக் குடுத்த தலைக்கு மருந்து எதுக்கு? சந்தனத்தைக் கெட்டியா அப்புங்கோ, சோப்புப் போடாதேங்கோ" என்றார்.

அப்பினோம். மொட்டைத் தலைக்குச் சந்தனம் அழகாகத்தான் இருந்தது. அடியில் இருந்த சிரங்கு கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாததை முடிந்துபோன விஷயமாகக் கொள்வது அலுவலகத்தில் எனக்குப் பழகிய முறை. பிறகு உண்மையாகவே பொருக்கு உதிர்ந்தது. மறந்துவிட்டோம்.

மூன்று வாரம் போயிருக்கும். காலையில் எழுந்தால் குழந்தையின் கன்னம் உப்பியிருந்தது, கண் இமைகள் பாதி மூடிக்கிடந்தன. தாத்தா வீட்டுச் சாப்பாடு என்று தெருவில் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மகள்தான் சந்தேகப்பட்டாள். "சாயங்காலம் வத்திடுதுப்பா. காலையில திரும்ப வந்துடுது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

போனோம். புறநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. அந்த வரிசை ஒரு நர்ஸின் மேஜை வழியாகப் போகும். அங்கே எடை பார்ப்பார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், வீங்கின முகமாக இருந்தால் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்துச் சிறுநீர் பிடித்துவரச் சொல்வார்கள். அந்த மேஜையைப் பக்கவாட்டுக் கதவு வழியாகத் தவிர்த்து நேரே டாக்டர் அறைக்குள் நுழைந்தேன். நான் பதவியில் இருந்தபோது பயிற்சிக்கு வந்த பையன்தான் இப்போது குழந்தை டாக்டர். எழுந்து நின்றார். டீ வரவழைத்தார்.

"என்ன சார், பேத்தியா? ஒன்னுக்கெல்லாம் சரியா போறாளா?"

"எல்லாம் நார்மல்" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? அவள் எந்த நிறத்தில் போகிறாள் என்பதை நான் பார்த்ததே இல்லை. மகள் ஏதோ சொல்ல வந்தாள். நான் அதற்குள் புதிய கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தேன். சிரங்கைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வாமையாக இருக்கும் என்று ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். வரிசையில் நின்றவர்கள் பார்க்க, நிமிர்ந்து வெளியே வந்தேன்.

மறுநாள் காலை குழந்தை தலை வலிக்கிறது என்றாள், வாந்தி எடுத்தாள். பிறகு கூடத்தில், ஜன்னலெல்லாம் திறந்து வெயில் தரையில் விழுந்துகொண்டிருக்கும்போது, "தாத்தா, லைட்டைப் போடேன்" என்றாள்.

ஆட்டோவில் மகள், "நேத்து டீத்தண்ணி மாதிரி போனா. சொல்ல விட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இந்த முறை நர்ஸின் மேஜைக்கே போனோம். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தவர் மறுபடி அடித்துப் பார்த்தார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு நடந்தார். ரத்த அழுத்தம் குழந்தைக்கு இருக்கக்கூடாத உயரத்தில் இருந்தது. கண் மங்கியது அதனால்தான், இறங்காவிட்டால் வலிப்பும் வரும் என்று டாக்டர் மகளிடம் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. மகள் சிரங்கைப் பற்றிச் சொன்னதும், அந்தக் கிருமியை ஒட்டி வந்த சிறுநீரகக் கோளாறு என்றார். நீர் பிரிவதற்கு ஊசி, அழுத்தத்துக்கு மருந்து, உப்பில்லாக் கஞ்சி, அளந்து தண்ணீர். இனி எவ்வளவு சிறுநீர் வருகிறது என்பதில்தான் எல்லாம் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, பத்து வயது மகளோடு இருந்தாள். அவள் மகளுக்குத் தொண்டை வலி வந்து சரியாகி, கொஞ்ச நாள் கழித்துக் காய்ச்சலோடு முழங்கால் வீங்கியது. அது வடிவதற்குள் கணுக்கால், பிறகு மணிக்கட்டு. இதயத்தில் ஒரு வால்வும் கசிகிறதாம்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "நேத்து சைடு கதவால பூந்து போன சார்தானே நீங்க?"

"ஆங்."

"நாங்க வெயில்ல நின்னுகினு இருந்தோம். ஓ, பெரிய வியாதி போல, பாவம்னு வழி வுட்டோம்" என்றாள். "போன வேகத்துல வந்துட்டீங்க. சரி, ஒன்னும் இல்ல போலன்னு நெனச்சேன்."

கேலியா, அக்கறையா தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்குத் தாங்கவில்லை.

டாக்டர் வந்தபோது அவள்தான் கேட்டாள். "சார், என் பொண்ணுக்கு மூணு வாரத்துக்கு ஒருவாட்டி பென்சிலின் ஊசி, வருசக்கணக்குல போடணும்னீங்க. ரெண்டும் ஒரே கிருமின்றீங்க. இந்தப் பாப்பாக்கு மட்டும் கெடையாதா?"

அவர் பொறுமையாகச் சொன்னார். கிருமி ஒரே குடும்பம். ஆனால் கெடுப்பது கிருமி இல்லை, அதை எதிர்க்க உடம்பு செய்துவைத்த ஆயுதம். தொண்டைக்கு வந்த கிருமியை அடிக்கத் தயாரானது, இதயத்தையும் மூட்டுகளையும் அதே கிருமி என்று நினைத்து அடித்தால் வாதக் காய்ச்சல். ஒவ்வொரு தொண்டைப் புண்ணுக்கும் அது திரும்ப வரலாம், வால்வு இன்னும் கெடும். அதனால் அடுத்த புண்ணே வராமல் தடுக்க ஊசி. பேத்திக்கு நடந்தது வேறு. கிருமியின் துணுக்குகளும் எதிர்ப்புப் பொருளும் கட்டியாகச் சேர்ந்து சிறுநீரக வடிகட்டியில் சிக்கி, அங்கே அழற்சி. தோல் சிரங்குக்குப் பிறகும் வரும், தொண்டைப் புண்ணுக்குப் பிறகும் வரும். பெரும்பாலும் ஒரு தடவையோடு சரி. மிச்சக் கிருமி போக இப்போது மருந்து கொடுத்தால் போதும்.

"சிரங்குக்கு அப்பவே வைத்தியம் பாத்திருந்தா?" என்று மகள் கேட்டாள்.

"அப்பவும் வந்திருக்கலாம்மா. சிறுநீரக விஷயத்தில் அதை உறுதியாச் சொல்ல முடியாது. மத்தவங்களுக்குச் சிரங்கு பரவாம இருந்திருக்கும்."

ஆக, சந்தனத்தின் மேல் முழுப் பழியையும் போட முடியவில்லை. மாமியைத் திட்டலாம் என்று வைத்திருந்த வாக்கியங்கள் வீணாயின. வீங்கின முகத்தை ஒரு நாள் முன்பே அந்த மேஜைக்குக் காட்டியிருந்தால் தலைவலிக்கு முன்பே மருந்து ஆரம்பித்திருக்கும். இது மட்டும் மிஞ்சியது. இது என் கணக்கு.

இரண்டு நாள் சிறுநீர் அளவுக் குவளையில் அடி மறைய மட்டுமே வந்தது. மூன்றாம் நாள் மதியம் குவளை நிறைந்தது. பிறகு இன்னொன்று. சாயங்காலம் அழுத்தம் இறங்கியிருந்தது. குழந்தை ஜன்னல் வழியாக எதிர்க் கடைப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தாள். தறிக்காரப் பெண் தன் மகளிடம், "பாத்தியா, பாப்பாக்குக் கண்ணு தெரியுது" என்றாள்.

அப்போது டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சார், அன்னிக்கு நான் பிரஷர் பாத்திருக்கணும். யூரின் கேட்டிருக்கணும். நீங்க சொன்னதும் விட்டுட்டேன். தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க."

"பரவாயில்ல தம்பி" என்றேன்.

அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது. முப்பது வருடம் மன்னிப்பு வாங்கிப் பழகிய குரல். திரும்பினால் கதவருகே மகள் குவளையோடு நின்றிருந்தாள்.

"டாக்டர், உங்ககிட்ட நார்மல்னு சொன்னது இவர்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

டாக்டர் தரையைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டிய இடம். குவளையை வாங்கக் கை நீட்டினேன்.

சிறுநீரில் ரத்தத்தின் சுவடு மாதக்கணக்கில் இருக்கலாம், அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்றார் அவர். மகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"நான் கூட்டிட்டு வரேன் டாக்டர். நீங்க வீட்டுல இருங்கப்பா."

சரி என்றேன்.