அடித்துவிட்ட வளைகோடு

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, மூன்றாவது முறையாக அதே கணக்குத் தாளை எழுதினேன். இந்த அரியரும் போனால் கல்யாணத்தை முடித்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார்.

கேள்வி இதுதான்: ஒவ்வொரு புள்ளியிலும் சாய்வு x − y. சமன்பாட்டைத் தீர்க்காமல், திசைப்புலம் வரைந்து, (0, 1) வழியாகப் போகும் தீர்வு வளைகோட்டைக் காட்டு.

புள்ளிக்குப் புள்ளி சாய்வைக் கணக்கிட்டுக் குட்டிக் கோடுகள் போட்டேன். x-உம் y-உம் சமமான இடங்களில் கோடுகள் படுத்துக் கிடந்தன. அவற்றின் போக்கிலேயே பென்சிலை விட்டேன். வளைகோடு முதலில் இறங்கியது; படுத்த கோடுகள் இருந்த இடத்தில் திரும்பி ஏறியது.

பார்த்ததும் பென்சிலை நிறுத்தினேன். கைடில் நான் மனப்பாடம் செய்த படத்தில் வளைகோடு இறங்கவே இறங்காது. என் கண்ணை விட்டுக் கைடை நம்பினேன். வரைந்ததைப் பேனாவால் குறுக்கே அடித்தேன். குட்டிக் கோடுகளை எதிர்த்து, (0, 1)-இலிருந்து மேலே ஏறும் வளைகோடு ஒன்றைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் கைடைத் திறந்தேன். அதே சமன்பாடுதான். ஆனால் அவர்கள் எடுத்த புள்ளி (0, −2). அங்கே சாய்வு 2, ஏறத்தான் செய்யும். என் புள்ளியில் சாய்வு −1. இறங்காமல் என்ன செய்யும்? அந்தப் பாழாய்ப்போன கைடை அங்கேயே கிழித்தேன். கிழித்து என்ன ஆகப் போகிறது?

வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், காத்திருந்த அப்பா கேட்டார்: “இன்னாம்மா, கணக்கெல்லாம் சரியா போட்டியா?”

“சரியாத்தாம்பா போட்டேன்” என்றேன்.

அது பொய்யில்லை. அடித்ததைத்தான் சொல்லவில்லை.