மேற்பிரிவுக்குப் போட்ட சைபர்

நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது வருஷமாக மருந்துச்சாலையை நடத்தியவர் இராசையா. வைத்தியப் பட்டம் கிடையாது. தோட்ட வைத்திய உதவியாளர்தான். ஆனாலும் சனங்களுக்கு அவர் டாக்டரய்யா. ஊசி குத்துமுன் ஏசுவார், குத்திய பின்னும் ஏசுவார். யாருக்கும் கோபம் வராது. அவர் பேசாமலிருந்தால்தான் பயம்.

தொண்ணூற்றெட்டு நவம்பர் மழையில் வயிற்றோட்டம் பரவியபோது அவர் பேசாமலிருந்தார். ஊற்றுக் குழாயைப் பூட்டிவிட்டு, வாடகைக்குப் பிடித்த பவுசர் லொறியில் தண்ணீர் கொடுத்தார்கள். "ஒரு வாரத்துல நிப்பாட்டிக் காட்டுறேன் சார்" என்று தோட்ட மானேஜர் துரையிடம் வாய்விட்டிருந்தார். வாரம் முடிந்தது. கொழும்புத் தலைமை அலுவலகத்திற்கு அன்று பன்னிரண்டு மணிக்கு அந்த வார நோயாளிக் கணக்கு பேக்ஸில் போக வேண்டும். புது நோயாளிகள் பத்துக்குக் குறைந்தால் பவுசர் நிற்கும், ஊற்றுக் குழாய் திறக்கும்.

கிளார்க்கர் தனேஸ்வரன் தட்டச்சு செய்த தாளை நீட்டினார். தொழிற்சாலைப் பிரிவு ஐந்து, கீழ்ப்பிரிவு நாலு, மேற்பிரிவு சைபர். மொத்தம் ஒன்பது.

ஒன்பது! இராசையாவுக்கு நெஞ்சு லேசானது.

அனுப்புமுன் பார்க்க வேண்டியவற்றை அவரே ஒரு அட்டையில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்தார். நெடுக்கே கூட்டினார், ஒன்பது. ஆண், பெண், பிள்ளை என்று குறுக்கே கூட்டினார், அதுவும் ஒன்பது. ஒரே ஆள் இரண்டு தரம் மருந்துக்கு வந்து இரண்டாக எண்ணப்பட்டாரா என்று பதிவேட்டைத் தடவினார். இல்லை. போன வார மொத்தத்தோடு இந்த வாரத்தைச் சேர்த்தால் இதுவரையான மொத்தமும் சரி.

அட்டையின் முதல் வரியை மட்டும் தாண்டி வந்திருந்தார். எல்லாப் பிரிவின் தாளும் கையில் இருக்கிறதா? தாண்டியது தெரிந்தேதான். பேனா கையெழுத்து இடத்துக்கு மேலே நின்றது, இறங்கவில்லை.

"மேற்பிரிவுத் தாள் எங்க?"

"அது வரேல்லை ஐயா. லொறி ரெண்டு நாளா மேல போகேல்லை, மண் சரிஞ்சிட்டுது. போனும் செத்துப்போச்சு. வெறும் கட்டமா விடக்கூடாதெண்டு சைபர் போட்டனான்."

"தாள் வரலையா, வயித்தோட்டம் வரலையா? எது ஐயா சைபர்?"



இராசையா சைபரை வெட்டி, 'தாள் கிடைக்கவில்லை' என்று எழுதினார். மொத்தத்தையும் வெட்டி, 'இரண்டு பிரிவுகள் மட்டும்' என்று குறித்தார். அதைத் துரையிடம் கொண்டு போனார்.

"இதை அனுப்பினா என்னைத்தான் கேப்பாங்க, ராசையா. பவுசர்காரன் வேற போக நிக்கிறான்."

"கேக்கட்டும் சார். ஒன்பதுன்னு போட்டு நான் கையெழுத்து வைக்க மாட்டேன். ஒரு லொறி குடுங்க, போய் பாத்துட்டு வந்துர்றேன்."

துரை கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னிரண்டுக்கு மேல பவுசரை என்னால பிடிச்சு வைக்க ஏலாது."

கொழுந்து லொறிச் சாரதி ஜௌபர், மண்சரிவு வரைக்கும் அவரைக் கொண்டு போய் விட்டார். அதற்கு மேல் சேறு. இராசையா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் புதைய ஏறினார். வழியெல்லாம், சைபராகவே இருந்துவிடட்டும் என்றுதான் மனது கேட்டது.

லயத்து வீட்டு வரிசையின் கோடியில் நல்லம்மா வாளியோடு எதிர்ப்பட்டாள். மேற்பிரிவு மருந்துச்சாலைக்குப் பொறுப்பு அவள்.

"இப்பத்தான் வர வழி தெரிஞ்சிச்சாங்க ஐயா? ஜீவனி பாக்கெட்டெல்லாம் முடிஞ்சு உப்பும் சீனியும் கலக்கி ஊத்துறேன். ஆளையே அனுப்ப முடியல, எல்லாம் படுத்துக் கிடக்குதுங்க."

அவள் பதிவில் பதினாலு பேர். இராசையா பெயரைப் படித்துப் படித்து அறை அறையாக ஆளைப் பார்த்தார். கணபதியின் மகள் மட்டும் செவ்வாயும் புதனும் இரண்டு வரியில் இருந்தாள். அதில் ஒன்றை அடித்தார். பதிமூன்று. இரண்டு பிள்ளைகளுக்குக் கண் உள்ளே போயிருந்தது. அவர்களைச் சாக்குத் தொட்டிலில் வைத்து ஆண்கள் சரிவைத் தாண்டி இறக்கினார்கள். ஜௌபர் லொறியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் திருப்பி, வழியில் இராசையாவை ஆபீசில் இறக்கிவிட்டார்.

வாசலில் பவுசர் உறுமிக்கொண்டு நின்றது. இராசையா அதன் முன்னால் போய் நின்றுவிட்டார்.

"தள்ளுங்க ஐயா, என்னைப் போகச் சொல்லியாச்சு!" என்று சாரதி கத்தினான்.

"இன்ஜினை நிப்பாட்டு. நான் வெளிய வந்து சொல்றப்போ போ."

உள்ளே துரை தாளோடு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு தாண்டியிருந்தது, பேக்ஸ் போகவில்லை. இராசையா பதிமூன்று பெயரையும் வாசிக்க, தனேஸ்வரன் ஒவ்வொன்றாகக் கட்டத்தில் ஏற்றினார். நெடுக்கே இருபத்திரண்டு. குறுக்கே இருபத்திரண்டு.

"ஒரு வாரத்துல நிக்கும்னு நீதானே சொன்ன?" என்றார் துரை.

"சொன்னேன் சார். நிக்கல." இராசையா சேற்றுக் கையாலேயே கையெழுத்து வைத்தார். "அனுப்புங்க. பவுசரை மண் சரிஞ்ச எடத்துக்கு விடச் சொல்லுங்க, மேல கேனோட ஆளுங்க நிக்கிறாங்க."