கமராவுக்குத் தெரிந்த சோற்றுத் தட்டு

எனக்கு நேர்த்தியாக எழுத வராது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இப்போது மறதியும் கூட.

ஆனாலும் வானொலிக்கு நிறைய நாடகம் எழுதினேன். சண்டைக் காலத்தில், கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்தபோதுதான் முதல் தடவை டிவி நாடகம் கேட்டார்கள். இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயின் கதை. எழுதிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். டைரக்டர் என்னைவிட இளைய தம்பி. அவருடைய வீட்டு முன்னறைதான் அவர்கள் வேலை செய்யும் கந்தோர்.

அவர் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். "தாய் மகனை நினைத்து நெஞ்சு வெடிக்கிறாள். வலக்கையைத் தூக்குகிறாள். இரண்டடி இடப்பக்கம் நகர்கிறாள். இனி வரமாட்டானோ என்று அஞ்சுகிறாள்."

"அக்கா, நினைக்கிறதை நான் எந்தப் பக்கத்தால எடுக்கிறது?" என்று கேட்டார்.

மூலையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கமராக்காரர் சிரித்தார். அவர் கொழும்புக் கொம்பனித்தெரு ஆள். "நெஞ்சு வெடிக்கிறதுக்கு எக்ஸ்ரே மெஷின் கொண்டு வரணும்."

எனக்கு முகம் சுட்டது. வானொலியில் எதையும் சொல்லாமல் விட்டால் கேட்பவருக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

"திங்கக்கிழமை ஷூட்டிங். இண்டைக்குச் சரிவராட்டி வேற ஆளின்ர கதையைத்தான் எடுக்கவேணும். குறை நினையாதேங்கோ" என்றார் டைரக்டர்.

வீட்டுக்குப் போய்த் திருத்தி வருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். வழியில் இராணுவ செக்பொயின்டில் மறித்தால் நாளே போய்விடும். அங்கேயே ஒரு பென்சில் வாங்கி, ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியிலும், 'அறைக்குள் நிற்கிற அந்நியன் ஒருவனின் கண்ணுக்கு இது தெரியுமா?' என்று கேட்டேன். தெரியாததை வெட்டினேன். வலக்கை, இடப்பக்கம் எல்லாம் நடிப்பவரின் வேலை என்று அதையும் வெட்டினேன். அந்தப் பக்கத்தில் மிஞ்சியது இவ்வளவுதான்:

"தாய் இரண்டு தட்டு வைக்கிறாள். சோறு போடுகிறாள். வெளியே ஜீப் நிற்கும் சத்தம். கரண்டி நிற்கிறது. ஜீப் போகிறது. ஒரு தட்டை மூடி வைக்கிறாள்."

டைரக்டர் இரண்டு தரம் வாசித்தார். "நல்லாயிருக்கு. ஆனா ஏன் மூடுறா எண்டு ஒரு வரி போடுவமே? சனத்துக்கு விளங்காது."

நான் ஆண்களோடு எதிர்த்துக் கதைக்கிறவள் இல்லை. அன்றைக்கு வாய் வந்தது. "தட்டு கமராவுக்குத் தெரியும் தம்பி. மிச்சத்தைச் சனம் பார்த்துக்கொள்ளும்."

"அக்கா சொல்றது சரி" என்றார் கமராக்காரர். "தட்ட நான் எடுப்பேன்."

என் கதையையே எடுத்தார்கள். ஷூட்டிங்கில் தாயாக நடித்த அம்மா, மூடுவதற்கு முன் தன் தட்டில் இருந்த மீன்பொரியலை மகனின் தட்டுக்கு மாற்றினார். அதை நான் எழுதவில்லை. கையை எப்படித் தூக்குவது என்று எழுதியதை வெட்டாமல் விட்டிருந்தால், அந்தக் கைக்கு இதற்கு நேரம் கிடைத்திருக்காது.

அது மீன்பொரியலா முட்டைப்பொரியலா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அன்று அங்கே நின்ற யாராவது இதை வாசித்தால், பார்த்துத் திருத்திவிடுங்கள்.