மூன்று பங்கான சரவிளக்கு

சரவிளக்கு விற்பதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். கோயமுத்தூர்ப் பக்கம் மின்சாரம் வந்த புதிதில், மெழுகுவத்தி விளக்குகளில் பல்பு மாட்டித் தரச் சொல்லி வீட்டுக்கு வீடு கூப்பிட்டார்கள். சிங்காநல்லூர்ப் பண்ணை வீட்டுக்கு என்னை அழைத்தது மட்டும் அதற்காக அல்ல. அங்கே பாகப்பிரிவினை நடந்துகொண்டிருந்தது.

நிலம், தோட்டம், மாடு எல்லாம் சண்டையில்லாமல் பிரிந்துவிட்டன. கூடத்தில் தொங்கிய சரவிளக்கில்தான் பேச்சு வந்து சிக்கிக்கொண்டது. அது தன் தகப்பனார் கொடுத்த சீர் என்றார் அந்த வீட்டின் நடு மருமகள். கணவரை இழந்தவர். வீடு கட்டியபோதே தங்கள் தாத்தா மாட்டியது, பொதுச் சொத்து என்றார்கள் கணவரின் அண்ணனும் தம்பியும். நான் விளக்கின் வயதைச் சொன்னால் போதும், தீர்ப்பைத் தான் சொல்லிக்கொள்வதாகப் பஞ்சாயத்துப் பெரியவர் சொன்னார்.

ஏணி போட்டு ஏறினேன். நூல் சுற்றிய ரப்பர் ஒயர் புத்தம் புதியது. அது மின்சாரம் வந்த காலத்தைச் சொல்லுமே தவிர விளக்கின் காலத்தைச் சொல்லாது. பல்புகளைத் தாங்கிய கைகள் துளையில்லாத கெட்டிக் கண்ணாடி. ஒயரை வெளியே வைத்துக் கட்டியிருந்தார்கள். பல்புக்கென்றே செய்த விளக்காக இருந்தால் ஒயர் உள்ளே ஓட வழி விட்டிருப்பார்கள். பல்பு உட்கார்ந்திருந்த கிண்ணத்தின் அடியில் பழைய மெழுகு இன்னும் ஒட்டியிருந்தது.

தொங்கல்கள் இரண்டு ஜாதி. மேல் வரிசை கையால் பட்டை தீட்டியது: விளிம்பு விரலை அறுக்கும், ஒன்றைப்போல் ஒன்று இராது. கீழ் வரிசை அச்சில் அழுத்தி எடுத்தது: முனை மழுங்கல், பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு. நடுத்தண்டின் திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். ஒன்றின் இடத்தில் இன்னொன்று ஏறவில்லை. கையால் வெட்டிய பழைய வேலை. ஆனால் கூரையை ஒட்டியிருந்த பித்தளைத் தட்டு மெல்லிய தகடு, நேற்றுச் செய்ததுபோல் இருந்தது.

"கீழ் வரிசையையும் தட்டையும் மாத்தினது யாருங்க?" என்று கேட்டேன்.

"எம் பொண்ணு கண்ணாலத்துக்கு நாந்தானுங்க மாத்துனேன்" என்றார் அண்ணன். "மணவறைக்கு மேல மூளிக் கண்ணாடி தொங்கலாமுங்களா?"

தட்டைப் பற்றி அந்த அம்மாள் சொன்னார். "பல்பு மாட்ட வந்தவரு பழசு ஆகாதுன்னு கழட்டிப்போட்டாருங்க. சீர்ப் பாத்திரத்துல பேரு வெட்டற மாதிரி, அந்தத் தட்டுலதான் எங்கப்பாரு அவரு பேர வெட்டியிருந்தாரு. மூலைல கெடக்குதேன்னு பாத்திரக்காரருக்குப் போட்டுக் கொடம் வாங்கிப்போட்டனுங்க."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பழைய பித்தளையைப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்காத வீடு எங்கள் பக்கம் உண்டா? அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உத்தரத்தை ஒட்டியிருந்த அந்தப் பெயரை மற்றவர்கள் யாரும் பார்த்ததில்லையாம்.

"கண்ணாடியும் தண்டும் இந்த அம்மணி கண்ணாலத்துக்கு முந்தின காலத்து வேலைங்க" என்றேன். "ஆனா பழைய விளக்கப் பின்னால வாங்கியிருக்கலாமுங்க. செஞ்ச காலத்தத்தான் நான் சொல்ல முடியும், யாரு கொண்டாந்தாங்கன்னு இது சொல்லாதுங்க."

"அதேதானுங்க! மலைல தோட்டம் வச்சிருந்த தொரை சீமைக்குப் போறப்ப எங்கப்பாரு ஏலத்துல எடுத்தாரு. வைக்கோல்ல பொதிஞ்சு வண்டில வந்துச்சு" என்றார் அந்த அம்மாள்.

பெரியவர் காதில் என் முதல் பாதி மட்டும்தான் ஏறியது. கல்யாணத்துக்கு முந்தியது என்றால் தாத்தா காலத்தது என்று முடித்துவிட்டார். நான் மறுபடி வாயைத் திறந்தேன். "வயசச் சொன்னீங்க, போதுமுங்க" என்று கை காட்டினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொதுச் சொத்து ஆகிவிட்டதால், யாருக்கும் மனக்குறை வேண்டாம் என்று விளக்கையே மூன்று பங்காகப் பிரிக்கச் சொன்னார். கைகளையும் தொங்கல்களையும் கழற்றி மூன்று குவியலாக வைத்தவன் நான். அந்தக் கூடத்தில் அன்று கேட்ட கண்ணாடிச் சத்தம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

அண்ணனும் தம்பியும் பிறகு என் கடைக்கு வந்தார்கள். இல்லாத கைகளுக்குப் புதுக் கைகள், இல்லாத வரிசைகளுக்கு அச்சுக் கண்ணாடி என்று சேர்த்து, ஆளுக்கு ஒரு முழு விளக்கு செய்து கொடுத்தேன். இனி எவன் ஏணி போட்டு ஏறினாலும் அவற்றுக்கு வயது சொல்லத் திணறுவான்.

மனசு கேட்காமல் ஒரு நாள் அந்த அம்மாளைப் பார்க்கப் போனேன். அவருடைய பங்கு வைக்கோல் பொதிந்த கூடையில் அப்படியே இருந்தது. காசு எதுவும் வேண்டாம், அதையும் முழு விளக்காக்கித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க" என்றார். "புதுசு கலந்துபோட்டா, பொறவு இது எங்கப்பாரு குடுத்ததுன்னு எனக்கே நம்பிக்கை வராதுங்க."